கோடு விழவில்லை, வேலைக்குப் போகலாமா?

கேள்வி: காய்ச்சலும் இருமலும் இருக்கின்றன. கொரோனா ரேபிட் டெஸ்ட்டில் ‘நெகட்டிவ்’. வேலைக்குப் போகலாமா?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: போகாதீர்கள். அறிகுறியோடு ‘பாசிட்டிவ்’ வந்தால் நம்பலாம். ‘நெகட்டிவ்’ என்றால் கிருமி கிட்டின் கண்ணில் படவில்லை என்று மட்டுமே பொருள். 2020 ஜூனில் ஐ.சி.எம்.ஆர். அனுமதித்த ஆன்டிஜென் கிட், பரிசோதனையில் தொற்றுள்ள 100 பேரில் சுமார் 50 முதல் 84 பேரைத்தான் பிடித்தது. தப்பியவர்களுக்கு வந்ததுதான் ‘பொய் நெகட்டிவ்’.

ரேபிட் கிட் தேடுவது கிருமியின் புரதத்தை; அது நிறைய இருந்தால்தான் கோடு விழும். பி.சி.ஆர். மரபணுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பதால் கொஞ்சம் இருந்தாலும் சிக்கும். தொற்றிய ஓரிரு நாளில் எடுத்தாலோ, மூக்கில் சரியாகத் துடைக்காவிட்டாலோ அதுவும் தவறலாம். பி.சி.ஆர். எடுங்கள், முடிவு வரும்வரை வீட்டில் தனியாக இருங்கள்.