‘இல்லை சார்’ ஆசாமி

மைசூரு ஹெப்பால் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை தேடுகிறவர்களில் இவரை உடனே அடையாளம் கண்டுவிடலாம். “வி.எம்.சி. புரோகிராமர் தேவை, சீமென்ஸ் கன்ட்ரோல், 5 வருட அனுபவம்” என்று அறிவிப்பு இருக்கும். இவர் கையில் ஓசூரில் ஃபானக் கன்ட்ரோலில் ஓட்டிய 3 வருடம். ஆனாலும் போவார்.

அறைத்தோழன் தலையில் அடித்துக்கொள்வான். “சீமென்ஸ், பேசிக் நாலெட்ஜ்னு போட்டுடுடா!” அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் பொருள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எந்திரம் ஓடியதைப் பார்த்தேன் என்பதுதான். “அப்ரென்டிஸ் ஒரு வருஷத்தையும் சேர்த்து அஞ்சாக்கிடு” என்பான். மூன்றும் ஒன்றும் நாலுதானே என்று கணக்குப் போடுவார் இவர். தவிர, பி.எஃப். கணக்கைத் திறந்தால் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தெரிந்துவிடும். அப்ரென்டிஸ் காலத்துக்கு பி.எஃப். பிடிப்பதில்லை, அது அங்கே வராது. ஆகவே பயோடேட்டாவில் இரண்டும் தனித்தனி வரி.

உள்ளே சூப்பர்வைசர் கேட்பார்: “சீமென்ஸ்ல எத்தனை வருஷம்?”

“இல்லை சார். ஃபானக் மட்டும்தான்.”

அதோடு நிறுத்திவிட்டால் நம்மவர் சாதாரண ஆள். குடும்பக் கஷ்டம் சொன்னால் பரிதாப ஆள். இவர் சொல்வது வேறு: “`G01`, `G02`, `G54` எல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான் சார். டூல் நீளத்துக்கு நான் `G43 H01` கொடுத்துப் பழகினவன். இங்கே `D1` கூடவே வந்துடும்னு படிச்சிருக்கேன். ஆழத் துளைக்கு எனக்கு `G83`, உங்களுக்கு `CYCLE83`. அதுல எந்த எண் எந்த இடத்துல வரும்னு மேனுவல் பார்த்துத்தான் சொல்வேன். முதல் பீஸை ஒருத்தர் பக்கத்துல நிக்க, சிங்கிள் பிளாக்ல, மெதுவா ஓட்டறேன்.”

இவருக்கு முன்னால் போன ‘பேசிக் நாலெட்ஜ்’காரரிடமும் இதே டூல் நீளத்தைத்தான் கேட்டார்கள். அவர் கம்பீரமாக `G43` என்றார். ஐ.எஸ்.ஓ. மோடிலா என்று திருப்பிக் கேட்டதும் தண்ணீர் கேட்டார். வேலைக்கு வைத்திருந்தால் அந்தக் கேள்வியை ஸ்பிண்டில் கேட்டிருக்கும். அதன் பில் லட்சத்தில் வரும்.

ஆனால் எல்லா இடத்திலும் இது பலிக்காது. மறுநாளே தனியாக நைட் ஷிஃப்ட் ஓட்ட ஆள் வேண்டுமென்றால், பக்கத்தில் நிற்க ஒருவரைக் கேட்கிறவரை யார் எடுப்பார்கள்? அப்படிப்பட்ட இடத்தில் இவரே எழுந்து கும்பிடு போட்டுவிடுவார்.

இங்கே எழவில்லை. சூப்பர்வைசர் ஃபைலை மூடிக்கொண்டே கேட்டார்:

“கன்னட பருத்தா?”

“ஸ்வல்ப சார்.”

“ஸ்வல்பன்னா எவ்வளவு?”

“‘ஊட்டா ஆய்த்தா’ வரைக்கும் சார். அவங்க ‘ஆய்த்து’ன்னு சொல்லிட்டு மேல பேசினா, சிரிப்பேன்.”