டீம் என்பவர் யார்?

திருப்பூரில் பனியன் கம்பெனி மீட்டிங் என்றால் குறிப்பெடுக்கும் வேலை மெர்ச்சன்டைசர் தலையில்தான் விழும். எங்கள் கம்பெனியில் அது நான். நோட்டோடு மீட்டிங்குக்கு வருகிறவன் நான் ஒருவன்தான் என்பதே போதுமான தகுதி.

உட்காருகிறவர்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாளி கொங்குத் தமிழில் தொடங்குவார், கோபம் வந்தால் இங்கிலீஷுக்குப் போய்விடுவார். கட்டிங் மாஸ்டருக்குத் தமிழ் மட்டும். தையல் லைன் சூப்பர்வைசர் ஒடிசாக்காரர். தமிழில் சண்டையே போடுவார், ஆனால் ஒரு எழுத்து படிக்க வராது. செக்கிங் பார்ப்பவர் பீகார், இந்தி படிப்பார். பையர் தரப்பு க்யூ.ஏ. பெங்களூரிலிருந்து போனில் வருவார், அவருக்கு எல்லாம் இங்கிலீஷில் மெயிலாகப் போக வேண்டும்.

இத்தனை பேருக்கும் எனக்கு முன்னால் இருந்தவர் நாலு பக்கத்துக்கு இங்கிலீஷில் மினிட்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் என்ன கருத்துச் சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கும். 'மாஸ்டர் கவலை தெரிவித்தார்' என்று ஒரு வரி. மாஸ்டர் அன்றைக்கு டையிங்காரரின் மூன்று தலைமுறையையும் தெரிவித்தார் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பழைய மினிட்ஸ்களைப் புரட்டினால் ஒரு மனிதர் மட்டும் அசுர உழைப்பு உழைத்திருப்பது தெரியும். அவர் பெயர் டீம். லேபிளை டீம் ஃபாலோ செய்யும். டையிங்கை டீம் முடுக்கிவிடும். அட்டைப்பெட்டி அளவை டீம் உறுதி செய்யும். சம்பளப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டேன். டீம் என்கிற பெயரில் யாரும் சனிக்கிழமை சம்பளம் வாங்கவில்லை. ஆகவே நான் முதலில் செய்த காரியம் டீமை வேலையை விட்டு அனுப்பியது. ஒரு வரிக்கு ஒரே ஆள். 'ஸ்டோர் / கட்டிங்' என்று இரண்டு பேரைப் போட்டால், நடுவில் இருக்கிற அந்தச் சாய்கோட்டில்தான் வேலை விழுந்து கிடக்கும்.

ஒரு திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம், ஜூன் 1. நேவி நிறத் துணி 600 கிலோ டையிங்கில் நிற்கிறது. "புதன்கிழமை கட்டிங் போட்டுரலாமுங்க" என்றார் மாஸ்டர். "புதன்கிழமை துணி வந்துருமுங்க" என்றார் ஸ்டோர்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு புதன்கிழமையும் ஒன்றோடொன்று ஒத்துப்போன மாதிரிதான் கேட்கும். ஆனால் பின்னல் துணி இழுபட்டு, ரோலாகச் சுற்றப்பட்டு வருகிறது. அதைப் பிரித்துத் தளர்வாகப் போட்டு, குறைந்தது ஒரு ராத்திரியாவது விட வேண்டும். வந்த சூட்டோடு வெட்டினால் வெட்டிய பிறகு துணி சுருங்கும், மீடியம் கேட்டவனுக்கு ஸ்மால் போகும். ஆகப் புதன்கிழமை வரும் துணியைப் புதன்கிழமை வெட்ட முடியாது. மீட்டிங்கில் இதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டையும் மேலும் கீழுமாக எழுதும்போதுதான் இடித்தது. எழுந்து போவதற்குள் மறித்துக் கேட்டு, பேசி, இப்படி மாற்றினோம். (இங்கே வேலையின் பெயரைப் போடுகிறேன், குரூப்பில் போகும்போது ஆள் பெயர்தான் இருக்கும்.)

1. ஸ்டோர்: நேவி துணி 600 கிலோவை எடுத்துவந்து பிரித்துப் போட வேண்டும். ஜூன் 2 செவ்வாய், மாலை 6 மணி.
2. கட்டிங்: 1 முடிந்தால் மட்டும். முதல் லே வெட்ட வேண்டும். ஜூன் 3 புதன், காலை 10 மணி.
3. செக்கிங்: தைத்து வந்த முதல் 50 பீஸை அளந்து, அளவு ஷீட்டின் போட்டோவைக் குரூப்பில் போட வேண்டும். ஜூன் 5 வெள்ளி, பகல் 1 மணி.

மூன்றாவதில் 'அளவைச் சரிபார்க்க வேண்டும்' என்று எழுதியிருக்கலாம். சரிபார்த்தேன் என்று யாரும் எப்போதும் சொல்லிவிடலாம். போட்டோவை அப்படிச் சொல்ல முடியாது.

தேதியோடு கிழமை எதற்கு என்று முதலாளி கேட்டார். அமெரிக்க பையர் ஒருவர் ஷிப்மென்ட் தேதியை 06/07 என்று அனுப்பியிருந்தார். அவர் கணக்கில் அது ஜூன் 7, எங்கள் பேக்கிங் கணக்கில் ஜூலை 6. பேக்கிங் முகத்தில் அப்படியொரு நிம்மதி! பதிலில் 'ஜூலை 6 திங்கள்தானே?' என்று கிழமையோடு கேட்டதும் அந்தப் பக்கமிருந்து அலறிக்கொண்டு போன் வந்தது. மாதத்தை எழுத்தில் எழுதி, கூடவே கிழமையும் இருந்தால், ஒன்று தப்பானாலும் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும். மணியும் வேண்டும். 'சனிக்கிழமைக்குள்' என்று திருப்பூரில் எழுதவே கூடாது. சம்பளம் கைக்கு வந்த பிறகு இருக்கும் சனிக்கிழமை வேறு கிரகம்.

இனி மொழி. ஒரே பட்டியல் தமிழில், இந்தியில், இங்கிலீஷில் போகிறது. வரி எண் மட்டும் எதிலும் மாறாது. யாருக்கு எந்த வரி இல்லையோ அதை எடுத்துவிடலாம், ஆனால் 3 எல்லோருக்கும் 3தான், இடம் காலியாக இருந்தாலும் சரி. அதனால்தான் பீகார்காரரிடம் போனில் "மூணு என்னாச்சு?" என்று கேட்டாலே போதுமாக இருக்கிறது. பெங்களூருக்குப் போகும் மெயிலில் பாதி வரி இருக்காது. டையிங்காரருக்குப் பாக்கி வைத்திருக்கிறோம் என்பது பையருக்கு எதற்கு?

படிக்க வராத லைன் சூப்பர்வைசருக்கு வாய்ஸ் மெசேஜ். நான் பேசி அனுப்புவதில்லை. என் இந்தி ரயில் டிக்கெட் எடுக்கும் அளவுக்குத்தான். மீட்டிங் முடியும்போது அவரையே அவர் வேலையையும் தேதியையும் இந்தியில் சொல்லச் சொல்லி, அரை நிமிஷத்துக்குள் பதிவு செய்து, அதையே குரூப்பில் போட்டுவிடுகிறேன். பக்கத்தில் இருக்கும் செக்கிங்காரர் சரி என்று தலையாட்டினால்தான் அனுப்புவேன். ஒருமுறை "மேனே கப் போலா?" என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார். செக்கிங்காரர் பேசாமல் போனை எடுத்து, அவர் குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினார்.

இதிலெல்லாம் பெரிய எதிரி கட்டைவிரல். குரூப்பில் பட்டியல் போய் விழுந்த அடுத்த நொடியே வரிசையாக ஏழெட்டுக் கட்டைவிரல். பார்த்தேன் என்பதா, ஒப்புக்கொண்டேன் என்பதா, 'சரிடா விடு' என்பதா, கடவுளுக்கே வெளிச்சம். ஆகவே கட்டைவிரல் செல்லாது என்று அறிவித்தேன். எண்ணும் கிழமையும் போட்டுப் பதில் வர வேண்டும். "2 புதன்" போதும். அது வராதவரை மாலையில் நான் நேரில் போய் நிற்பேன். மாஸ்டர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே, "தம்பி, ரெண்டு புதனுங்க, ரெண்டு புதன்" என்று கத்தரியைக் கீழே வைக்காமலேயே கத்துவார்.

முடியாத வேலை அடுத்த வாரப் பட்டியலுக்கு வரும்போது புதுத் தேதி மட்டும் வாங்கிக்கொண்டு புத்தாடையில் வந்து நிற்கும் வழக்கம் இருந்தது. அதையும் நிறுத்தினேன். பழைய தேதி பக்கத்திலேயே நிற்கும், பட்டியலின் தலையில்.

அந்த ஜூன் 1 மீட்டிங்கில் 7-ஆவது வரி, விலை விஷயமாகப் பையரிடம் பேசுவது. அதைப் பேசக்கூடிய ஆள் கம்பெனியில் ஒருவர்தான். பெயரைப் போட்டேன், ஜூன் 4 வியாழன், காலை 11 மணி. முதலாளி பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"ஏனப்பா, இதுல டீம்னு போட்டுக்கலாமில்ல?"

"டீம் நின்னுட்டாருங்க."

ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மாலையில் 7-ஆவது வரிக்கு அவரிடமிருந்து பதில் வந்தது: கட்டைவிரல். வியாழக்கிழமை 11 மணிக்குப் பையருக்குப் போன் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமைப் பட்டியல் தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் போனபோது, தமிழிலும் இந்தியிலும் முதல் வரியே அதுதான்: முதலாளி பெயர், ஜூன் 4 வியாழன், பாக்கி.