பதஞ்சலியைப் பற்றி அறியத்தரவும்

இரவல் புத்தகத்துக்குள் துண்டு வைக்க நினைக்கிறவர் முதலில் குண்டூசியை மறக்க வேண்டும். எங்கள் முகத்துவாரத்தில் களனி கங்கை கடலில் விழுகிறது. அந்த உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே தாக்குப்பிடிக்காது, குண்டூசி எம்மாத்திரம்? ஒரு மழைக்காலம் போனால் தாளில் செம்மஞ்சளாய் ஒரு வட்டம் விழும். துண்டை எடுத்து ஒளித்தாலும் வட்டம் இருந்து சாட்சி சொல்லும். ஜெம் கிளிப்பும் அதே குடும்பம்தான். ஊற்றுப்பேனை மையும் உதவாது. கந்தோரில் ரோனியோ அடிக்கிற தாள் மையை உறிஞ்சுகிற தாள். அதில் 'அன்புள்ள' என்று எழுதினால் விடியும்போது அன்பு அடுத்த வரிக்கும் பரவியிருக்கும். போல்பொயின்ற் பேனையே பத்திரம்.

இதெல்லாம் நான் காதலித்துப் படித்ததல்ல. புத்தகச் சொந்தக்காரனாய் இருந்து படித்தது.

1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. கல்கியும் விகடனும் குமுதமும் நினைத்தபடி கைக்கு வராத காலம். அந்த இடைவெளியில் எங்கள் பக்கத்துக் கிராண்ட்பாஸிலிருந்து வீரகேசரி பிரசுரம் ஈழத்து நாவல்களை வரிசையாய் வெளியிட்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', பாலமனோகரனின் 'நிலக்கிளி' எல்லாம் 1973இல் அப்படித்தான் வந்தன. சம்பள நாளில் நான் ஒன்றிரண்டை வாங்கிவிடுவேன். கோட்டையில் இருந்த எங்கள் கந்தோரில் அது உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும். என் மேசை லாச்சிதான் அந்த மாடியின் வாசிகசாலை. அட்டவணையும் இல்லை, தண்டப்பணமும் இல்லை, திரும்பி வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

கணக்குப் பிரிவில் என் நண்பர் ஒருவர் லிகிதராய் இருந்தார். அவரும் முகத்துவாரம்தான். தபால் பதிவேட்டுக்குப் பொறுப்பாய் இருந்த மிஸ்ஸுக்கு வீடு வெள்ளவத்தை. கொழும்பு 15க்கும் கொழும்பு 6க்கும் நடுவில் முழு நகரமும் கிடந்தது. நண்பருக்கும் மிஸ்ஸுக்கும் நடுவில் இரண்டு மேசையும் ஓர் அலுமாரியும்தான். அந்த அலுமாரியைத் தாண்டி ஒரு வார்த்தை பேச அவரால் முடியவில்லை. தபாலில் முத்திரை குத்தினதா என்று கேட்கப் போய், நேரம் என்ன என்று கேட்டுவிட்டு வருவார். அவர் கையில் மணிக்கூடு கட்டியிருப்பதை மிஸ் ஒருநாளும் சுட்டிக்காட்டவில்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

மிஸ் 'நிலக்கிளி' கேட்ட செய்தி தெரிந்ததும் நண்பர் என்னிடம் வந்தார். "மச்சான், நீ அவவுக்குக் குடுக்க முதல் எனக்கு ஒருக்காத் தாவன். நான் வாசிச்சிட்டுக் குடுக்கிறன்." கணக்கேட்டைத் தவிர எதையும் வாசிக்காத மனிதர். எனக்கு விளங்கிவிட்டது.

முதலில் எழுதிக்கொண்டு வந்தது கவிதை. நிலவு, அலை, முகத்துவாரக் கரை எல்லாம் இருந்தன. களனியைப் பெண்ணாகவும் கடலைத் தானாகவும் வைத்திருந்தார். மழைக்காலத்தில் அந்த ஆறு என்னென்ன குப்பையைக் கொண்டுவந்து கடலில் கொட்டும் என்று முகத்துவாரத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். வேண்டாம் என்றேன். அடுத்தது 'அன்புள்ள' என்று தொடங்கி 'என்றும் உங்கள்' என்று முடிந்தது. அதையும் மறித்தேன். ஏனென்றால் அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குப் போகும் புத்தகத்தைப் பெயருக்குரியவர் கடைசியாகத்தான் வாசிப்பார். வழியில் தம்பி பறிப்பான், அம்மா அடுப்படிக்குக் கொண்டுபோவா, அப்பம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கலியாணத்தில் முடிகிறதா என்று பார்ப்பா. ஆகவே துண்டு என்பது முழு வீடும் வாசித்தாலும் பிழை பிடிக்க முடியாததாய் இருக்க வேண்டும். வாசிக்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் அதில் வேறொன்று கேட்க வேண்டும்.

எந்தப் பக்கத்தில் வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. அட்டைக்குள் வைத்தால் புத்தகம் கைமாறும்போதே விழும். கடைசிப் பக்கம் அப்பம்மாவின் ஆட்சி. நடுவில் வைக்கலாம் என்றால், அந்த மலிவுப் பதிப்புகள் முதுகில் பசை பூசி ஒட்டியவை. நாலாய் மடித்த தாளை உள்ளே திணித்தால் பசை வெடித்து, யார் எடுத்தாலும் புத்தகம் அந்த இடத்திலேயே வாயைப் பிளக்கும். நண்பர் அப்படித்தான் செய்யப் பார்த்தார். மடிக்காத ஒற்றைத் துண்டு, விரல் அகலத்துக்கு மேல் போகாமல், முதுகோரம் நன்றாய் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். பிறகு புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்து உதறிப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் சரி. தாண்டி வாசிக்கிறவர்கள் காணமாட்டார்கள். ஒவ்வொரு பக்கமாய் வாசிக்கிறவர் கண்டே தீருவார். கதையில் கதிராமன் தகப்பனை எதிர்த்துக்கொண்டு பதஞ்சலியைக் கைப்பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். தண்ணிமுறிப்பில் நடக்கும் வன்னிக் கதை வெள்ளவத்தைக்கு எடுபடுமா என்று நண்பர் கவலைப்பட்டார். காடு வேறாய் இருந்தாலும் தகப்பன்மார் ஒன்றுதான் என்றேன்.

என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்ததில் கடைசியாய் நண்பரின் கைக்குப் பழக்கப்பட்ட ஒரே உரைநடை வந்து கைகொடுத்தது. அவர் எழுதியது இதுதான்:

"பதஞ்சலி பற்றிய தங்கள் அபிப்பிராயத்தை இயன்றளவு விரைவில் அறியத்தரவும்."

கையெழுத்துப் போடவில்லை. போடத் தேவையுமில்லை. தபால் பதிவேடு எழுதுகிறவருக்கு அந்தக் கந்தோரில் யாருடைய 'அ' எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும். பெயர் இல்லாததால் வீட்டுக்குப் பயமில்லை. எழுத்து இருப்பதால் மிஸ்ஸுக்குச் சந்தேகமில்லை. வேறு யாராவது கேட்டால், இலக்கிய ஆர்வம் என்று நான் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டேன்.

பிறகு நண்பர் பட்ட பாட்டை நீட்டி எழுத விருப்பமில்லை. கணக்குப் பிரிவில் அந்த நாட்களில் நடந்த கூட்டல் பிழைகளுக்கு இலக்கியமே பொறுப்பு. ஒருமுறை மிஸ் அலுமாரிப் பக்கம் வந்து, "புத்தகம் இன்னும் அப்பம்மாவின்ர கையிலதான் இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. சொன்னது எனக்கு. சிவந்தது அவருடைய காது.

புத்தகம் திரும்பி வந்தபோது மண்ணிறத் தாளில் உறை போட்டிருந்தது. கிழிந்த மூலையையும் பசை வைத்து ஒட்டியிருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று என் அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஆரடா இந்தப் பிள்ளை, இரவல் புத்தகத்துக்கு உறை போட்டுத் தாறது?" அம்மாவின் குரலில் இருந்த ஆர்வத்தைக் கண்டு, இது வேறிடத்துச் சங்கதி என்று அவசரமாய் விளக்க வேண்டியதாயிற்று. துண்டு வைத்த இடத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாள் நண்பர் புத்தகத்தை வாங்கி, ஏமாந்த முகத்தோடு உறையைக் கழற்றப் போனபோதுதான் அட்டைக்கும் உறை மடிப்புக்கும் நடுவில் அது இருந்தது. அதே போல்பொயின்ற், அதே கந்தோர்த் தமிழ்:

"தங்கள் குறிப்பு கிடைக்கப்பெற்றது. பதஞ்சலியில் குறையில்லை. கதிராமன் இன்னும் கொஞ்சம் வாய்திறந்து கதைத்திருக்கலாம்."

என்னைக் கேட்டால் நாவலுக்கு வந்த விமர்சனங்களில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை. கதிராமன் அன்று பின்னேரம் கோட்டை பஸ் நிலையத்தில் வாய் திறந்தார். என்ன கதைத்தார் என்று கேட்டேன். "பஸ் பிந்தி வருது எண்டனான்" என்றார். அதுவும் போதுமாய் இருந்திருக்கிறது.

மற்றொரு தரம் வாசிக்க வேண்டும் என்று இருவரும் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், குடும்பம் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தது. 'நிலக்கிளி' மட்டும் என் லாச்சிக்கு வரவில்லை. நண்பரே, மிஸ், இது உங்கள் கண்ணில் பட்டால் முகத்துவாரத்துக்கு வருகிற ஆர் கையிலாவது அதைக் கொடுத்தனுப்புங்கள். உறையோடு வந்தால் நல்லது. எப்போது அனுப்புவீர்கள் என்பதை இயன்றளவு விரைவில் அறியத்தரவும்.