பேல் பஜார் கைப்பை

கேள்வி: நுவரெலியா பேல் பஜாரில், பழைய கோட்டுக் குவியலுக்குள் லூயி வுட்டோன் கைப்பை. அசலா, போலியா?

பதில்: முதலில் கைப்பிடி பையோடு சேரும் இடம். அசலில் தையல் சற்றே சாய்ந்து, இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும். கொக்கியில் முலாம் உரிந்து வெள்ளை உலோகம் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

பிறகு உள்துணியில் தைத்த தோல்துண்டிலோ, தையலோரத்திலோ ஒரு குறியீடு. 2007 முதல் 2021 தொடக்கம் வரை செய்த பைகளில் அதன் நான்கு இலக்கங்களில் 1ஆவதும் 3ஆவதும் வாரம். மற்ற இரண்டும் ஆண்டு. 5128 என்றால் 2018இன் 52ஆம் வாரம். 7128 என்றால் 72ஆம் வாரம். அப்படியொரு வாரம் தோட்டத்துச் செக்ரோலில்கூட ஏறாது. சரியான எண்ணையும் நகலெடுக்கலாம் என்பதால், அது மட்டும் சாட்சியாகாது.

உள்பக்கத்தைக் காட்டாமல், "ஹட்டன் பஸ் போயிரும், சீக்கிரம் எடுங்க அக்கா" என்று விரட்டும் வியாபாரியிடம் பஸ்ஸையே பிடிப்பது லாபம்.