எல்லாம் பச்சை

புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பு, 'பட்டன் நிறம் மாற்றம்'. கூடவே 43 ஸ்னாப்ஷாட் கோப்புகள். டெஸ்ட் சிவப்பானதும் `jest -u` தட்டியிருக்கிறார்கள்; எல்லாம் பச்சை. பரீட்சை எழுதியவரே விடைக்குறிப்பையும் திருத்திக்கொண்டால் யார்தான் ஃபெயிலாவார்?

எல்லாக் கோப்பிலும் `btn-blue` போய் `btn-green` வந்திருக்கிறது. அது சொல்லிச் செய்த மாற்றம். அந்த ஜோடியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தேடினால், பணம் கட்டும் படிவத்தில் மட்டும் இன்னொரு வரி காணோம்:

```diff
-  disabled=""
```

அதாவது, கார்டு எண் காலியாக இருந்தாலும் பட்டன் இனி அமுங்கும். நிறத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். "ஸ்னாப்ஷாட் தானா மாறிடுச்சு சார்!"

ஏற்கெனவே இருவர் ஒப்புதல் தந்திருந்தார்கள். 43 கோப்பையும் பார்த்தவர்கள்தான், ஸ்க்ரோல் செய்த வேகத்தில்.