வசனத்தை வெட்டினால் மிச்சம் என்ன? (கேள்வி-பதில்)

● என் அனிமேஷன் குறும்படக் காட்சியைப் பார்த்தவர்கள், "அந்த அம்மா என்ன நினைக்குதுன்னே தெரியல" என்கிறார்கள். இன்னும் இரண்டு வரி வசனம் எழுதிவிடவா? (திருமங்கலம்)

எழுதினால் அம்மா நினைப்பது காதில் விழும். முகத்தில் அப்போதும் ஒன்றும் இருக்காது. முதலில் ஒலியை அணைத்துவிட்டு, படம் பார்க்காத ஒருவருக்குக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். "யார் யாரிடம் எதை எதிர்பார்க்கிறார்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் இருக்கிற வசனத்திலேயே கொஞ்சம் குறைக்கலாம். சொல்லத் தெரியாமல் விழித்தால் அம்மாவின் கையும் கண்ணும் இன்னும் வேலை தொடங்கவில்லை.

● மாட்டுத்தாவணியில் மகன் சென்னைக்கு பஸ் ஏறுகிறான். "கோவமாப்பா?" என்கிறான். அப்பாவின் பதில்: "கோவமெல்லாம் இல்லடா. நீ போறது வருத்தந்தான். நீ நல்லா இருந்தாச் சரி. காசு வேணும்னா கேளு." நீளமாகப் படுகிறது. எங்கே வெட்டுவது? (மேலூர்)

அப்பா தன் வருத்தம் மகனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பார்க்கிறார். அதுதான் காட்சி. அவரே "வருத்தந்தான்" என்று சொல்லிவிட்டால் மறைக்க எதுவும் இல்லை. நடிக்கவும் எதுவும் இல்லை. ஆகவே முதல் மூன்று வாக்கியங்களையும் எடுத்துவிடுங்கள். நான்காவதையும் சின்னதாக்குங்கள்: "சில்லறை வச்சிருக்கியா?"

இப்போது அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். மகனுக்கான மஞ்சப்பையின் இரண்டு காதுகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். மகன் கேட்டு முடித்த கணத்திலிருந்து நொடிக்கு 24 பிரேம் கணக்கில் பாருங்கள்.

முதல் 10 பிரேம் கை வேலை நிற்காது. கேள்வி காதில் விழுந்துவிட்டது, விழாத மாதிரி இருக்கிறார். பிறகு விரல்கள் நிற்கின்றன. பார்வை இன்னும் முடிச்சிலேயே. அதற்கு 12 பிரேம். அடுத்த 8 பிரேமில் கண் முதலில் பஸ் பக்கம் போகிறது. தலை இரண்டு மூன்று பிரேம் கழித்துப் பின்னால் வருகிறது. தலை திரும்பும்போதே ஒரு இமைப்பு. பிறகு 18 பிரேமுக்கு மூச்சு உள்ளே போகிறது, நெஞ்சு லேசாக எழுகிறது, வாய் பேசத் திறந்து மூடிக்கொள்கிறது. மொத்தம் 48 பிரேம், சரியாக இரண்டு நொடி. அதன் பிறகு, நன்றாகக் கட்டியிருந்த முடிச்சையே அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கியபடி, "சில்லறை வச்சிருக்கியா?"

"போகாதே" என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பையை இன்னும் கொடுக்கவில்லையே! அந்தத் தாமதம்தான் அவருடைய பதில்.

மகனை மறந்துவிடாதீர்கள். பையை வாங்க நீட்டிய கையை, முடிச்சு அவிழ்வதைப் பார்த்ததும் மெல்ல இறக்கிக்கொள்கிறான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பதை அந்தக் கை சொல்கிறது. பார்ப்பவருக்கும் அந்த இடத்தில்தான் புரியும். கேட்பவர் முகத்தைக் காட்டாமல் எப்போதும் பேசுபவர் மேலேயே கேமராவை வைத்திருப்பது பல மாணவர் படங்களின் பெரிய இழப்பு.

● நான் மௌனம் வைத்தால் கம்ப்யூட்டர் ஹேங் ஆன மாதிரித் தெரிகிறதே? (உசிலம்பட்டி)

முப்பரிமாண உருவமா? அப்படித்தான் தெரியும். கையால் வரைந்த படத்தில் ஒரே ஓவியத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் கண் பொறுத்துக்கொள்ளும். முப்பரிமாண உருவம் அசையாமல் நின்ற கணமே பொம்மையாகிவிடும். அதற்காக எல்லா உறுப்பையும் ஆட்டிவிடாதீர்கள். போஸை அப்படியே வைத்து, அது போகிற திசையிலேயே மிக மெல்லத் தொடரவிடுங்கள்: தோள் இன்னும் கொஞ்சம் தாழட்டும், மூச்சு ஓடட்டும், கண்மணி எதிரில் இருப்பவரின் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு ஒரு முறை தாவட்டும். அது போதும்.

இன்னொன்று. மௌனத்துக்கு முன்னும் பின்னும் பாத்திரத்தின் நினைப்பு மாறியிருக்க வேண்டும். அப்பா மௌனத்துக்குள் நுழையும்போது பதில் தேடுகிறார். வெளியே வரும்போது சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். மாற்றம் இல்லாத மௌனத்தை எத்தனை பிரேம் குறைத்தாலும் அது நீளமாகத்தான் தெரியும்.

● ஒவ்வொரு சொல்லுக்கும் கையசைவு வைத்தேன். ஆசிரியர் "காற்றாடி" என்கிறார். (வாடிப்பட்டி)

ஆசிரியர் சொல்வது சரி. ஒரு எண்ணத்துக்கு ஒரு அசைவு போதும். "மூணு வருஷமா இந்த வீட்டுக்கு நாந்தான் உழைக்கிறேன்" என்பதில் எண்ணம் ஒன்றே, "நான்". கை நெஞ்சுக்கு வருவதானால் அங்கே வரட்டும். மூன்று விரலைக் காட்டி, வீட்டைக் காட்டி, உழைப்பைக் காட்டினால் பார்ப்பவர் எதைப் பார்ப்பார்?

வாய்ப்புக் கிடைத்தால் தோல்பாவைக் கூத்து பாருங்கள். ஆட்டுத்தோலில் வெட்டி வரைந்த அந்தப் பாவையின் முகம் மாறவே மாறாது. திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர் பல குரலில் பேசுகிறார். ஆனாலும் பேசுவது யார் என்று குழந்தைக்குக்கூடக் குழப்பம் வராது. பேசுகிற பாவை அசையும், கேட்கிற பாவை அடங்கி நிற்கும். முகபாவமே இல்லாத இடத்தில் கூத்துக்காரர்கள் கண்ட வழி இது. ஆயிரம் கன்ட்ரோல் உள்ள ரிக் வைத்திருப்பவருக்கும் உதவும்.

● லிப்சிங்க் துல்லியம். ஆனாலும் உயிர் இல்லை. (மதுரை, சிம்மக்கல்)

வாயைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அழுத்தம் விழும் சொல்லைக் கண்டுபிடித்து, தலை அல்லது புருவத்தின் அசைவை அந்த ஒலிக்கு இரண்டு மூன்று பிரேம் முன்னால் நகர்த்திப் பாருங்கள். மனிதர் நினைத்துவிட்டுத்தான் பேசுகிறார்; உடம்பு முந்திக்கொள்ளும். அத்துடன், முகபாவம் மாறும் இடத்தைப் பெரிய தலைத்திருப்பத்துக்குள் ஒளித்துவிடாதீர்கள். வேகத்தில் கண்ணுக்கே படாது. திரும்பும் முன் மாறட்டும், இல்லை திரும்பி நின்றபின் மாறட்டும்.

● ரஜினியே நடித்தும் 'கோச்சடையான்' கண்கள் ஏன் ஒட்டவில்லை? (மதுரை, அண்ணாநகர்)

2014-இல் வந்த அந்தப் படம் நடிகரின் அசைவைப் பதிவு செய்து உருவத்துக்கு ஏற்றிய முயற்சி. நடையிலும் கைவீச்சிலும் ரஜினியைப் பார்த்தேன், கண்ணில் பார்க்கவில்லை. மூட்டுக்கு மூட்டு அடையாளப் புள்ளி ஒட்டலாம், கண்மணியில் ஒட்ட முடியாது. பதிவு எங்கே முடிகிறதோ அங்கிருந்து அனிமேட்டர் உட்கார்ந்து, பிரேம் பிரேமாகப் பார்வையைச் செதுக்க வேண்டும். ரஜினியின் நடிப்பில் பாதி, பேசுவதற்கு முன் அவர் பார்க்கிற பார்வை. அது குறைந்தால் ரசிகர் கண்டுபிடித்துவிடுவார்.

● எங்கள் பாத்திரங்கள் வெளிநாட்டுக்காரர் மாதிரித் தோளைக் குலுக்குகின்றன. (சோழவந்தான்)

பார்த்துப் படித்த படங்கள் அப்படி. சோழவந்தான் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பெரியவர் எதிரே வந்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிற கை, "ப்ச்" என்று நாக்கைத் தட்டி முகத்தைத் திருப்புகிற பாட்டி, சம்மதமா மறுப்பா என்று வெளியூர்க்காரரைத் திணற வைக்கும் தலையாட்டல். சண்டைக்குக் கிளம்பியவர், எதிராளியின் அப்பா வருவதைப் பார்த்து வேட்டியை இறக்கிவிட்டால் ஒரு பக்க வசனம் மிச்சம்.

● அப்படியானால் வசனமே இல்லாமல் எடுத்துவிடலாமா? (மதுரை, திருநகர்)

வேண்டாம். உடம்பு உணர்ச்சியைச் சொல்லும், தகவலைச் சொல்லாது. பஸ் ஒன்பது மணிக்கு, தங்குவது சித்தப்பா வீட்டில், வேலை ஆறு மாதத்துக்குத்தான் என்பதையெல்லாம் கையால் காட்டப் போனால் ஊமை விளையாட்டாகிவிடும். அவற்றை நேராக, சுருக்கமாகப் பேசவிடுங்கள். அந்த மேலூர் அப்பாகூட, "சித்தப்பா ஸ்டாண்டுக்கு வந்துருவாரு" என்று ஒரு வரி சொல்லலாம். முடிச்சை அவிழ்த்துக்கொண்டேதான்.