நூறு சதவீதத்தைக் கெடுப்பது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு இன்ஜினியரிங் காலேஜில் நீங்கள் உதவிப் பேராசிரியர். நாலு வரி பிழையில்லாமல் எழுதுவீர்கள் என்ற ஒரே குற்றத்துக்காக, பிளேஸ்மென்ட் ப்ரோஷரைத் திருத்தும் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அட்டையில் '137% பிளேஸ்மென்ட்' என்று தங்க நிறத்தில் மின்னுகிறது. "கலரை மட்டும் மாத்துங்க, போதும்" என்கிறார் கரஸ்பாண்டன்ட். அவர் சொன்னபடி செய்தால் இன்கிரிமென்டுக்கு ஆபத்தில்லை. இல்லை, இந்த ப்ரோஷரைக் கெடுத்தே தீருவேன் என்பவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

ஒரு ப்ரோஷரைக் கெடுக்கப் பெரிய ஆயுதமெல்லாம் வேண்டாம். சேர்க்கைப் பதிவேடு ஒன்று போதும். 2021-இல் மெக்கானிக்கலில் 60 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம் (இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் காலேஜ் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்). இந்த 60 பேரை எந்தப் பக்கத்திலும் தொலைத்துவிடாதீர்கள். முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது.

முதலில் '96% தேர்ச்சி'. இது எட்டாவது செமஸ்டரின் சதவீதம். அந்த செமஸ்டரில் பெரும்பாலும் பிராஜெக்ட்தான். அதில் யாரும் லேசில் ஃபெயிலாக மாட்டார்கள். மூன்றாம் செமஸ்டரின் தெர்மோடைனமிக்ஸ் அரியரைத் தோளில் சுமந்தபடியே ஒருவர் இந்த 96-க்குள் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "2021-இல் சேர்ந்த 60 பேரில், நான்கே ஆண்டில் அரியர் இல்லாமல் டிகிரி முடித்தவர்கள் 31 பேர்." டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களைத் தனி வரியில் போடுங்கள். எச்.ஓ.டி. இரண்டு நாள் உங்களோடு பேசமாட்டார். பரவாயில்லை.

அடுத்தது அந்த 137. அந்த 31 பேரில் ஒருவர் மேற்படிப்புக்குப் போகிறார். மீதி 30 பேர் பிளேஸ்மென்ட் செல்லில் பெயர் கொடுத்தார்கள். வந்த ஆஃபர் லெட்டர்கள் 41. நாற்பத்தொன்றை முப்பதால் வகுத்தால் 137 சதவீதம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மூன்று ஆஃபர் வாங்கிய பையனும் ஒரு கம்பெனிக்குத்தான் போவான் என்பதை அந்தச் சதவீதம் சொல்லாது, அவ்வளவுதான். லெட்டர்களை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினால் ஆஃபர் பெற்றவர்கள் 27 பேர். அதில் மூன்று பேருக்கு "சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று மெயில் வந்ததோடு சரி. வேலைக்குச் சேர்ந்தவர்கள் 24 பேர். அரியர் வைத்தவர்களுக்கு டிரைவில் உட்காரவே அனுமதி இல்லாததால் அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. பதிவேட்டில் இருக்கிறார்கள், ஃபீஸ் கட்டிய ரசீதிலும் இருக்கிறார்கள்.

இனி நம் தொழிற்சாலைப் பட்டைக்கே உரிய இடத்துக்கு வருவோம். சேர்ந்த 24 பேரில் மூன்று பேர் சாஃப்ட்வேருக்குப் போனார்கள்: ஒருவருக்கு ஆண்டுக்கு 8 லட்சம், இருவருக்கு 3.6 லட்சம். ஐந்து பேர் ஆன்ரோல் டிரெய்னி இன்ஜினியர்கள், ஆளுக்கு 3 லட்சம். நான்கு பேர் கான்ட்ராக்ட் ஏஜென்சி வழியாக மாதம் 15,000-க்குப் போனார்கள். மீதி 12 பேர் மாதம் 13,000 உதவித்தொகையில் அப்ரென்டிஸ்.

அப்ரென்டிஸாகப் போவதில் ஒரு தாழ்வும் இல்லை. லைனில் நின்று கற்றுக்கொள்ள நல்ல வழி. ஆனால் 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சியாளர், தொழிலாளர் அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகக் கம்பெனிக்குக் கிடையாது. ஒரு வருடம் முடிந்ததும் சர்டிஃபிகேட்டோடு கேட்டுக்கு வெளியே நிற்க நேரலாம்.

இப்போது பழைய ப்ரோஷரின் 'சராசரிச் சம்பளம் 3.8 லட்சம்' என்ற வரியைப் பாருங்கள். சாஃப்ட்வேர் மூன்று, டிரெய்னி ஐந்து, ஆக எட்டே பேரின் சராசரி அது. "எத்தனை பேருக்கு வேலை?" என்று கேட்டால் அந்த 12 அப்ரென்டிஸும் 4 கான்ட்ராக்ட் ஆட்களும் உள்ளே இருக்கிறார்கள். "என்ன சம்பளம்?" என்று கேட்டால் வெளியே போய்விடுகிறார்கள். ஒரே ஆள், ஒரு வரியில் உண்டு, அடுத்த வரியில் இல்லை. 24 பேரையும் சேர்த்தால் சராசரி 2.3 லட்சம். வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 1.7 லட்சம், அதாவது மாதம் 14,000. ஆனால் உதவித்தொகையும் சம்பளமும் ஒன்றல்ல என்பதால் இரண்டையும் கலக்காமல் எழுதுவதே நேர்மை: "12 பேருக்குச் சம்பளம், நடுமதிப்பு 3 லட்சம், 12 பேருக்கு ஓராண்டுப் பயிற்சி, மாதம் 13,000." 8 லட்சத்தைப் போடக்கூடாதென்று இல்லை. பக்கத்திலேயே 'ஒருவர்' என்று போட்டுவிடுங்கள்.

அந்த 3 லட்சத்துக்கும் ஒரு வரி விளக்கம் வேண்டும். அது சி.டி.சி. மாதம் 25,000. பேசிக் 12,500 என்றால், கம்பெனி கட்டும் பி.எஃப். 1,500-ம் கிராஜுவிட்டி சுமார் 600-ம் அதற்குள்ளேயே அடங்கும். கம்பெனி பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் 1,500 என்று வையுங்கள். பையனின் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. கைக்கு வருவது 20,000-க்குச் சற்றுக் குறைவு. ஊரில் அப்பா 25,000 என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருப்பார். முதல் மாத பேஸ்லிப்பைப் பார்த்துவிட்டு, பையன் மீதியை என்ன செய்தான் என்று வீட்டில் விசாரணை நடக்கும். ப்ரோஷரில் 'கையில் வருவது' என்று ஒரு கட்டம் போட்டால் ஒரு குடும்பச் சண்டையாவது மிச்சம்.

கடைசிப் பக்கத்தில் லோகோக்கள். இதற்கு ஒரே விதி: பேஸ்லிப்பில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்கள் லோகோதான். ஏஜென்சி ஆளாக கார் ஃபேக்டரிக்குள் போனவருக்கு ஏஜென்சியின் லோகோ. இன்டஸ்ட்ரியல் விசிட் போய் வாசலில் குரூப் போட்டோ எடுத்த கம்பெனிக்கு லோகோ கிடையாது. பூல் கேம்பஸில் நம் பிள்ளைகள் யாரும் தேறவில்லை என்றால் அதற்கும் கிடையாது. ஒவ்வொரு லோகோவின் கீழும் ஆண்டும் ஆள் எண்ணிக்கையும் போடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது; ஆண்டு போடும் வழக்கம் இருந்தால் இப்படிப்பட்ட லோகோக்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். நாற்பது லோகோ ஏழாகச் சுருங்கும். பக்கம் காலியாகத் தெரிந்தால் காலேஜ் மரத்தின் படத்தைப் போடுங்கள். மரம் நிஜம்.

இந்த நிலையில் கரஸ்பாண்டன்ட் உங்களைக் கூப்பிடுவார். கையில் இரண்டு தாள் இருக்கட்டும். ஒன்று, இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் கல்வி விளம்பர விதிகள். இத்தனை பேருக்கு வேலை என்று சொன்னால், அந்த வகுப்பில் படித்து முடித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்கின்றன அவை. இரண்டாவது, உங்கள் காலேஜ் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பித்திருந்தால் அதற்குக் கொடுத்த படிவம். குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், சம்பளத்தின் நடுமதிப்பு எல்லாம் அதில் இருக்கும். டெல்லிக்கு ஒரு கணக்கும் திண்டிவனத்து அப்பாவுக்கு ஒரு கணக்கும் எதற்கு சார் என்று பணிவாகக் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ப்ரோஷரைக் கீழே வைத்துவிட்டு அட்மிஷன் மேஜையில் கேளுங்கள்: "நாலு வருஷம் முன்னாடி இந்த பிராஞ்சில் சேர்ந்தவங்க எத்தனை பேர்? அவங்க ஒவ்வொருத்தரும் இப்போ என்ன பண்றாங்க?" பதில் எண்ணாக வந்தால் ஃபீஸைப் பற்றிப் பேசுங்கள், காபியாக வந்தால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.